கீசர் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

இங்கே சொல்வதெல்லாம் குளியலறைச் சுவரில் மாட்டும் 15 அல்லது 25 லிட்டர் தொட்டி கீசருக்கு. எலிமென்ட் 2 கிலோவாட், தண்ணீர் போர் தண்ணீர். தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

இந்தக் கீசரில் ஆளைக் காப்பாற்ற இருப்பவை மூன்று. மின்கசிவுக்கு எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும். அளவுக்கு மீறிய சூட்டுக்குக் கட்-அவுட். அழுத்தத்துக்குச் சேஃப்டி வால்வு. வீட்டில் "தொந்தரவு" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று தன் வேலையைச் செய்வதுதான். வால்வு சொட்டுகிறது என்று அதற்கு மூடி போடுவார்கள். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பார்கள். கட்-அவுட்டைத் தாண்டி ஒயர் போடுவார்கள். இந்த மூன்றையும் யார் செய்து தந்தாலும் ஏற்காதீர்கள்.

எதைச் சோதிப்பதற்கு முன்னும் டிபி பாக்ஸில் கீசருக்கான எம்.சி.பி.யை இறக்கி, ப்ளக்கையும் உருவி வையுங்கள். ஸ்விட்சை அணைத்தது மட்டும் போதாது. ஒயரிங் மாறிப்போன வீட்டில் ஸ்விட்ச் நியூட்ரலை வெட்டும், பேஸ் உள்ளேயே இருக்கும். தண்ணீர்ப் பக்கம் கை வைப்பதானால் தொட்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

## அறிகுறி 1: குழாயையோ தண்ணீரையோ தொட்டால் சுர்ரென்கிறது

இதில் உங்கள் வேலை ஒன்றுதான். ஈரக்கையோடு குளியலறை ஸ்விட்சைத் தேடாமல் வெளியே வந்து எம்.சி.பி.யை இறக்குங்கள். எலக்ட்ரீஷியன் பார்த்து முடிக்கும்வரை அந்தக் குளியலறையில் யாரும் குளிக்க வேண்டாம். "லேசாகத்தான் இருக்கிறது" என்பதை நம்பிப் பயனில்லை. காய்ந்த காலில் லேசாகத் தெரிவது ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது வேறு மாதிரி இருக்கும். குழாய் பிளாஸ்டிக் என்பதும் காப்பாற்றாது. உப்புத் தண்ணீர் தானே மின்சாரத்தைக் கடத்தும்.

வந்தவர் என்ன பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

ப்ளக்கை உருவிய பிறகும் குழாயில் வோல்ட்டேஜ் காட்டினால் கோளாறு இந்தக் கீசரில் இல்லை. பிரஷர் பம்ப், போர் மோட்டார், மற்ற குளியலறையின் கீசர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும்.

ப்ளக்கை உருவியதும் போய்விட்டால் இரண்டு வாய்ப்பு. எலிமென்ட் உறை வெடித்து மின்சாரம் தண்ணீருக்குக் கசிகிறது. அல்லது வீட்டு எர்த் செத்துப்போயிருக்கிறது, வாஷிங் மெஷினிலோ வேறெதிலோ கசிவது பொது எர்த் ஒயர் வழியாகக் கீசர் உடம்புக்கு வருகிறது. மின்கசிவை அளக்கும் மெக்கர் மீட்டரில் எலிமென்ட்டைப் பார்த்தால் எது என்று பிரிந்துவிடும். ஆனால் இரண்டு நிலையிலும் எர்த் சரியில்லை என்பது உறுதி. எர்த் சரியாக இருந்தால் கசிவு அதன் வழியே இறங்கியிருக்கும், ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும்.

எர்த்தைச் சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். துருப்பிடித்து ஒரு இழையில் தொங்கும் எர்த் ஒயர்கூட மீட்டருக்கு 230 காட்டிவிடும். சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பது இதற்குத்தான். ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் பல்பு எரியாது, ஆர்.சி.சி.பி. உடனே விழும், விழ வேண்டும். ஆர்.சி.சி.பி. விழாமலே பல்பு மங்கினாலோ எரியவே இல்லை என்றாலோ எர்த் ஒயரிலோ குழியிலோ கோளாறு. இது மின்சாரம் இருக்கும்போதே செய்யும் சோதனை என்பதால் நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். வேறு பாயிண்டில் இஸ்திரிப்பெட்டி ஓடும்போதும், இந்தக் கீசர் ஓடும்போதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு காட்டுகிறது? சுமை ஓடும்போது ஒன்று இரண்டு வோல்ட் காட்டுவது இயல்பு. சுமையோடும் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ஒயர் இல்லாத பழைய வீட்டில் நியூட்ரலையே எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடும் பழக்கம் உண்டு. அந்த நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று, கீசர் தொட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறும்.

எர்த் இருந்தாலும் ஆர்.சி.சி.பி. ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. எர்த் குழி காய்ந்து 20 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். பேஸ் தொட்டியில் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுத்து 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரணச் சுமை என்று நினைத்து விழாமல் நிற்கும், தொட்டியில் மின்சாரம் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதே நொடியில் வெட்டிவிடும்.

## அறிகுறி 2: போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது

எம்.சி.பி. விழுகிறதா, ஆர்.சி.சி.பி. விழுகிறதா என்று முதலில் பாருங்கள். பொத்தான் மாதிரி 'டெஸ்ட்' பட்டன் உள்ளதுதான் ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. மட்டும் உடனே விழுந்தால் ஷார்ட். கீசரின் உள் ஒயரிங்கைப் பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ப்ளக்கை உருவிய பிறகும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் கீசர் காரணமில்லை.

போட்ட நொடியே விழுந்தால் ப்ளக்கிலோ, கீசரின் அடி மூடிக்குள் உள்ள டெர்மினலிலோ ஈரம் இறங்கியிருக்கலாம். சாக்கெட் ஷவருக்கு நேரே இருக்கிறதா, கீசரின் அடியில் துளி தொங்குகிறதா என்று பாருங்கள். காய்ந்த பிறகும் விழுந்தால் எலிமென்ட் போய்விட்டது.

ஐந்து பத்து நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் இது உப்பின் வேலை. எலிமென்ட் மேல் உப்பு ஓடாகப் படியும். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் உறையிலேயே தங்கும். உறையில் மயிரிழை வெடிப்பு விழும். ஆறியிருக்கும்போது வெடிப்பு மூடியிருப்பதால் சோதனையில் தப்பிவிடும், சூடேறி விரிந்ததும் தண்ணீர் உள்ளே போகும். ஆகவே ஆறிய கீசரை மீட்டரில் பார்த்து "எலிமென்ட் நல்லாத்தான் இருக்கு" என்பவரை நம்பாதீர்கள். ஆர்.சி.சி.பி. விழுந்த உடனே, சூடு குறைவதற்குள், ப்ளக்கை உருவி 500 வோல்ட் மெக்கரில் பார்க்கச் சொல்லுங்கள். ப்ளக்கின் பேஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் எலிமென்ட்டை மாற்றியாக வேண்டும். இந்தச் சோதனையின்போது தெர்மோஸ்டாட் இணைப்பை வெட்டாத நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எலிமென்ட்டின் ஒரு முனையைத்தான் பார்த்தது போலாகும், அப்போது நியூட்ரல் பின்னையும் எர்த்தையும் பார்ப்பது துணை செய்யும்.

எலிமென்ட் மாற்றும்போது கேஸ்கெட்டும் புதிதாகப் போட வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் சொட்டு நேராக டெர்மினலில் விழும், அதே அறிகுறி மறுபடி வரும்.

## அறிகுறி 3: சேஃப்டி வால்வு சொட்டுகிறது

கீசர் விஷயத்தில் அதிகம் வரும் புகார் இது. அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுவே.

தண்ணீர் சூடானால் விரியும். 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும் 15 லிட்டர் தண்ணீர் சுமார் 200 மில்லி கூடும். 25 லிட்டர் தொட்டியில் 300 மில்லிக்கு மேல். குளிர்தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள வால்வுக்குள் ஒரு நான்-ரிட்டர்ன் இருப்பதால் அந்தத் தண்ணீர் வந்த வழியே திரும்ப முடியாது. சூடுதண்ணீர்க் குழாயும் மூடியிருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரே வழி வால்வின் பக்கத் துளை. பெரும்பாலான கீசர்களில் அது 8 பார் அழுத்தத்தில் திறக்கும்படி இருக்கும், எண் வால்வின் உடம்பிலேயே பொறித்திருக்கும்.

இயல்பான சொட்டா, கோளாறா என்பதை ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தே கண்டுபிடிக்கலாம். துளைக்குக் கீழே ஒரு லிட்டர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆறிய கீசரைப் போட்டு, தானாக அணையும்வரை விடுங்கள். நடுவில் யாரும் சூடுதண்ணீர் திறக்கக் கூடாது.

15 லிட்டர் கீசரில் ஒரு டம்ளர் அளவு சேர்ந்து, விளக்கு அணைந்ததும் நின்றுவிட்டால் எல்லாம் சரி. செய்ய வேண்டியது, துளையிலிருந்து ஒரு சின்ன ஹோஸை வடிகாலுக்கு இறக்கிவிடுவது மட்டும். ஹோஸின் வாய் திறந்தே இருக்க வேண்டும், எங்கும் மடங்கக் கூடாது.

கீசரைப் போடாத நாளிலும் சொட்டினால் வால்வின் வாயில் மண்ணோ உப்புத் துணுக்கோ சிக்கியிருக்கிறது. ஆறிய நிலையில் வால்வின் லிவரை ஐந்து நொடி தூக்கி விடுங்கள், இரண்டு மூன்று தடவை. வேகமாக வரும் தண்ணீர் துணுக்கை அடித்துக்கொண்டு போகும். பல வருடம் தொடாத வால்வைத் தூக்கினால் அது மறுபடி சரியாக உட்காராமலும் போகலாம். அதனால் கடை திறந்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். நிற்கவில்லை என்றால் வால்வை மாற்ற ப்ளம்பரைக் கூப்பிடுங்கள். பழையதில் பொறித்துள்ள அதே பார் எண்ணில் வாங்க வேண்டும்.

புது வால்வும் சொட்டினால் வரும் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் கீசரைவிட 10 மீட்டர் உயர்ந்தால் 1 பார். மாடி வீட்டுத் தொட்டி 1 பாரைத் தாண்டுவதே கஷ்டம், அங்கே இந்தக் காரணம் பொருந்தாது. இருபது மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளங்களில் 6 பார்வரை வரும். அங்கே அழுத்தம் குறைக்கும் வால்வு வேலை செய்யவில்லை என்று பராமரிப்பு ஆட்களிடம் சொல்ல வேண்டும்.

எப்போதுமே ஒரு சொட்டும் வரவில்லை, லிவரைத் தூக்கினாலும் வரவில்லை என்றால் அதுதான் பயப்பட வேண்டிய நிலை. உப்பு வால்வைக் கெட்டியாக்கிவிட்டது. மாற்றும்வரை கீசரைப் போடாதீர்கள். லிவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கிவந்தால் இந்த நிலை வராது.

ப்ளம்பர் வேலை முடித்ததும் ஒரு விஷயம் பாருங்கள். கீசருக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் கேட் வால்வு எதுவும் இருக்கக் கூடாது. கேட் வால்வு வேண்டுமானால் சேஃப்டி வால்வுக்கு முன்னால், தண்ணீர் வரும் பக்கம். நடுவில் இருந்து அதை யாராவது மூடிவிட்டால் தொட்டிக்கு வெளியேறும் வழியே கிடையாது.

## அறிகுறி 4: ஆவி பறக்கிறது, குழாய் சீறுகிறது, கீசர் அணையவே இல்லை

எம்.சி.பி.யை இறக்குங்கள். சூடுதண்ணீர்க் குழாயைத் திறக்காதீர்கள், உள்ளே 100 டிகிரிக்கு மேலும் இருக்கலாம், திறந்ததும் ஆவியாக முகத்தில் அடிக்கும். குளிர்தண்ணீர் கேட் வால்வையும் தொடாதீர்கள். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சில மணி நேரம் ஆறவிடுங்கள்.

காரணம் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டின் பாயின்ட்கள் உருகி ஒட்டிக்கொள்வது. அப்படியானால் கட்-அவுட் வெட்டியிருக்க வேண்டும். வெட்டாமல் ஆவிவரை போயிருக்கிறது என்றால் கட்-அவுட்டும் கெட்டிருக்கிறது, அல்லது யாரோ அதைச் சுற்றி ஒயர் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து மாற்றுவது கம்பெனி சர்வீஸ் ஆள் வேலை. சேஃப்டி வால்வையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

ஆவி இல்லை, தண்ணீர் மட்டும் பொறுக்க முடியாத சூடு என்றால் தெர்மோஸ்டாட் திருகை 55 அல்லது 60-இல் வைத்து, ஒரு தடவை முழுக்கச் சூடாக்கி, சமையல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும். ஆகவே பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சூடுதண்ணீர். அதே சமயம் திருகை 45-க்கு இறக்கி நாள்கணக்கில் அப்படியே வைப்பதும் சரியில்லை, வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும்.

## அறிகுறி 5: சூடே வரவில்லை, அல்லது வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது

28 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுபோக 15 லிட்டருக்கு 17 நிமிடமும் 25 லிட்டருக்கு 28 நிமிடமும் பிடிக்கும். கடிகாரத்தில் பார்த்துவிட்டுப் பிறகு சந்தேகப்படுங்கள். மாலையில் 190 வோல்ட்டுக்கு இறங்கும் ஊரில் 15 லிட்டருக்கே 25 நிமிடம் ஆகும், அது கீசரின் குற்றமில்லை.

விளக்கே எரியவில்லை. ப்ளக், சாக்கெட், எம்.சி.பி. மூன்றையும் பாருங்கள். சாக்கெட் கறுத்திருந்தால் அதைத்தான் மாற்ற வேண்டும். 2 கிலோவாட் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் சாக்கெட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் தேவை, 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் வைத்து ஓட்டினால் உருகும். மின்சாரம் வருகிறது என்றால் கட்-அவுட் விழுந்திருக்கலாம். அடி மூடியைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் அருகே சின்னப் பொத்தான் இருக்கும், எம்.சி.பி. இறங்கியிருக்கையில் அதை அழுத்துங்கள். ஒரு தடவை மட்டும். மறுபடி விழுந்தால் சர்வீஸ் ஆள்.

விளக்கு எரிகிறது, சூடு இல்லை. எலிமென்ட்டின் இரண்டு முனையிலும் ஒயரைக் கழற்றி ஓம் பாருங்கள். 2 கிலோவாட்டுக்கு 26 ஓம் அளவில் இருக்க வேண்டும். மீட்டர் அசையவில்லை என்றால் அறுந்துவிட்டது.

விளக்கு சரியான நேரம் எரிகிறது, ஷவரில் மட்டும் வெதுவெதுப்பு. மிக்சரில் பச்சைத் தண்ணீர் கலக்கிறது. கீசருக்குப் போகும் கேட் வால்வை மூடி, சூடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். சில நொடியில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் மிக்சர் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும்.

விளக்கு ஐந்தாறு நிமிடத்திலேயே அணைந்துவிடுகிறது. உப்பு. எலிமென்ட்டையும் தெர்மோஸ்டாட் குழலையும் ஒரே உப்புக் கட்டி மூடிவிட்டால், எலிமென்ட் சூடு நேராகக் குழலுக்குப் போகும். தொட்டி முழுவதும் சூடாகிவிட்டது என்று தெர்மோஸ்டாட் ஏமாந்து வெட்டிவிடும். புதுத் தெர்மோஸ்டாட் போட்டாலும் இது தீராது. கொதிக்கும் சட்டி போல் கடமுடவென்று சத்தமும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

## உப்பை எடுப்பது

குடிதண்ணீருக்கு இந்தியத் தரம் விரும்பும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600 வரை. 400 உள்ள போர் தண்ணீரை ஒரு வீடு தினம் 60 லிட்டர் கீசர் வழியாக எடுத்தால், அதில் கரைந்து போகும் உப்பு நாளுக்கு 24 கிராம், வருடத்துக்கு எட்டரைக் கிலோவுக்கு மேல். எல்லாம் உள்ளே தங்காது. ஆனால் தண்ணீர் சூடாக ஆக அதிகம் படியும். திருகை 75-இலிருந்து 60-க்கு இறக்குவதுதான் உப்புக்கு எதிராகச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரே காரியம்.

இந்த அளவு தண்ணீருக்கு வருடத்துக்கு ஒருமுறை எலிமென்ட்டைக் கழற்ற வேண்டும். தண்ணீரை முழுக்க வடித்து, நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தி இறக்குவார்கள். எலிமென்ட்டை ஒரு பிளாஸ்டிக் வாளியில், லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் ஓடு நுரைத்துக் கழன்றுவிடும். டெர்மினல் பக்கம் நனையக் கூடாது. சுத்தியலால் தட்டினால் உறை வெடிக்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டவே வேண்டாம், அது எலிமென்ட் உறையையும் அரிக்கும். தொட்டிக்குள் உதிர்ந்து கிடப்பதைக் கையால் வாரி எடுத்துவிட்டுக் குளிர்தண்ணீர் விட்டு அலசினால் போதும்.

கழற்றிய கையோடு மக்னீசியம் ஆனோடு கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பாற்றும் கம்பி அது. பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுக் கம்பி தெரிந்தாலோ மாற்ற வேண்டும். வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் சீக்கிரம் பார்ப்பது நல்லது. உப்பு ஓடு நிற்கும், ஆனால் ஆனோடு வேகமாகக் கரையும்.

மாட்டி முடித்ததும் சூடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று அடங்கி ஒரே சீராகத் தண்ணீர் வரும்வரை விடுங்கள். அதன் பிறகே ஸ்விட்ச். வெற்றுத் தொட்டியில் போட்டால் புது எலிமென்ட் நிமிடத்தில் எரிந்துபோகும்.

## அறிகுறி 6: கீசரின் அடியிலிருந்து ஒழுகுகிறது

குழாய் இணைப்பு, வால்வு, கேஸ்கெட் என்று இந்த வரிசையில் துணியால் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். மூன்றும் காய்ந்திருக்க, உடம்பின் மடிப்பிலிருந்து துருநிறத் தண்ணீர் வந்தால் தொட்டியே ஓட்டையாகிவிட்டது. பற்றவைக்கவோ எம்-சீல் ஒட்டவோ கூடாது. உள்ளே இருக்கும் எனாமல் பூச்சு வெல்டிங் சூட்டில் உதிரும், ஒட்டு 8 பாரைத் தாங்காது. கீசரை மாற்றுங்கள்.